அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போவதற்கு முன்

"எனக்கு 29 வயது. களுவாஞ்சிகுடிப் பக்கம், ஆசிரியையாக இருக்கிறேன். கலியாணம் முடித்து 14 மாதம். அவர் திருக்கோவில் பக்கம். நல்லவர், குடி கிடையாது. எனக்கு எழுதிய வீட்டில்தான் இருக்கிறோம், அம்மா அப்பாவும் கூட இருக்கிறார்கள். இன்னும் மூன்று மாதத்தில், வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு முடிய, அவர்கள் தங்கச்சிக்குக் கட்டும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் சாப்பிட்ட கோப்பையைக் கூட எடுத்து வைக்கமாட்டார். அம்மாதான் எடுப்பா. எனக்கு உள்ளுக்குள் எரிகிறது, ஆனால் சண்டை ஒன்றும் வரவில்லை. சண்டை இல்லாத நேரத்தில் இதை எடுத்துக் கதைப்பது சரியா? எப்படித் தொடங்குவது?"

கதையுங்கள் தங்கச்சி. சடங்குக்கு முன்னமே கதையுங்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உளவளத்துணை வேலை செய்தவள். கலியாணம் முடித்து இரண்டாம் மூன்றாம் வருடத்தில் முகம் இறுகிப்போய் வந்து உட்காரும் சோடிகளிடம் "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டால், எத்தனையோ பேர் சொன்னது ஒரே பதில்தான்: "அம்மா இருக்குமட்டும் ஒண்டும் இல்ல. அம்மா போன பிறகுதான்."

இது நம் பகுதிக்கு உரிய சங்கதி. மற்றப் பல ஊர்களில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள், மாமியின் குசினியில் முதல் கிழமையே எல்லாம் முட்டுப்பட்டுவிடும். இங்கே மாப்பிள்ளை வருகிறார். வீடு மகளுக்கு. தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் கிழக்குக் கரையில் இதுதான் வழக்கம். பெண்ணின் தாய் தகப்பன் கொஞ்சக் காலம் கூட இருந்துவிட்டு அடுத்த மகளின் வீட்டுக்கு நகர்வார்கள். அந்தக் காலம் முழுக்கப் புதுச் சோடியின் வேலையில் பெரும்பங்கை மாமிதான் இழுத்துக்கொண்டு போவா. யார் எதைச் செய்வது என்ற கேள்வியே எழாது. அவ போன மறுநாள் விடியக்காலை நாலரை மணிக்கு அந்தக் கேள்வி வந்து நிற்கும்போது இருவருக்கும் நித்திரையும் போதாது, பொறுமையும் போதாது. உங்களுக்கு மூன்று மாதம் கையில் இருக்கிறது. இப்படி முன்கூட்டியே கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் ஏன் கோப்பையை எடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. 14 மாதம் கூட இருந்தும் உங்களுக்கும் தெரியாது. அவர் செய்யாததை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள்.

நம் ஊரில் ஒரு ஆண்பிள்ளை எப்படி வளர்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். வீடு அக்காவுக்கு அல்லது தங்கச்சிக்கு. அவன் உழைத்து அந்த வீட்டைக் கட்டி முடிக்க உதவ வேண்டியவன். பிறகு ஒரு பெட்டியோடு இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். அவனுடைய தகப்பனையும் அவன் அப்படித்தான் கண்டிருப்பான். அம்மம்மாவின் வளவுக்குள், விறாந்தைக் கதிரையில், தேத்தண்ணி வந்தால் குடித்துக்கொண்டு, உள்ளே போவதென்றால் கொஞ்சம் செருமிவிட்டுப் போகிற ஒரு ஆள். பழைய வீடுகளில் மாமி மருமகனுக்கு முன்னால் நேராக வந்து நிற்கவே மாட்டா. சாப்பாடு மகளின் கையால்தான் வரும். அப்படி வளர்ந்த ஒருவருக்கு மாமி நிற்கும் குசினிக்குள் கோப்பையோடு நுழைவது மரியாதைக் குறைவாகப் படலாம். இன்னொருவரோ அது பொம்பிளைகளின் வேலை என்று பழகியதால் எடுக்காமல் இருப்பார். மேசையில் கிடக்கும் கோப்பையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கேட்டால்தான் தெரியும்.

உங்கள் பக்கத்தையும் பாருங்கள். எரிகிறது என்கிறீர்கள், ஆனால் வாய் திறக்கவில்லை. அம்மா எடுக்கும்போது பேசாமல் நிற்கிறீர்கள். அந்தப் பேசாமலிருத்தலையும் ஒரு வீட்டில்தான் கற்றிருப்பீர்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட ஒரு பெண், கேட்டு வாங்குவது கௌரவம் இல்லை என்று நினைத்த ஒரு பெண், உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்திருப்பா. அவரிடம் கதை கேட்பதற்கு முன் உங்களிடமே கேட்க வேண்டியது அது.

என்னிடம் வந்த ஒரு சோடியைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

அம்பாறைக் கரையோரக் கிராமம். இருவருக்கும் அரச வேலை, ஒரு வயதுக் குழந்தை. அவர்கள் வந்தது குசினிப் பிரச்சினைக்காக இல்லை, ஒரு கடனுக்காக. தன் இளைய தங்கச்சிக்கு வீடு கட்ட அவர் வங்கியில் கடன் எடுத்திருந்தார். மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் வெட்டுப்படும், இன்னும் மூன்று வருடம் மிச்சம். மனைவிக்குக் கலியாணத்துக்கு முன்னமே அது தெரியும். ஆனால் அவளுடைய தாய் தகப்பன் நகர்ந்து நாலு மாதத்துக்குள் அந்தக் கடன் அவளுக்குத் தொண்டையில் முள்ளாகிவிட்டது. "தங்கச்சிமாருக்கு எண்டா உசிரையும் குடுப்பார். எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தரமாட்டார்" என்று சொன்னாள். அந்தத் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சொன்னாச் செய்வன்தானே" என்றார். அவள் உடனே, "அதையும் நான்தான் சொல்ல வேணுமா?" என்றாள். அதோடு இருவரும் வாயை மூடிவிட்டார்கள். இந்த மூன்று வசனத்தையும் இதே வரிசையில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

நான் அவர்களிடம் மீன்காரரைப் பற்றிக் கேட்டேன். அந்த வீட்டுப் பக்கம் மீன்காரர் காலை ஆறேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். அந்த நேரம் அவள் ஒரு அடுப்பில் சோறும் மற்றதில் குழந்தையின் பாலும் வைத்திருப்பாள். ஹோர்ன் கேட்டதும் அடுப்பைக் குறைத்து, சட்டியை எடுத்து, காசை எடுத்து, படலைக்கு ஓடுவாள். என்ன மீன், என்ன விலை, மதியத்துக்கு மட்டுமா இரவுக்குமா, நேற்று வாங்கிய மாங்காய் கிடக்கிறதா, எல்லாம் அந்த ஓட்டத்திலேயே தலைக்குள் ஓடும். அவர் அப்போது விறாந்தையில் போனோடு இருப்பார். அதே ஹோர்ன் அவருடைய காதிலும்தான் விழுகிறது. "அந்தச் சத்தம் கேட்டா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்டும் வாறல்ல மிஸ்" என்றார். பொய் சொல்லவில்லை.

அமெரிக்காவில் அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 சோடிகளிடம் விரிவாகக் கதைத்து 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். கையால் செய்யும் வேலைக்குப் பின்னால் தலைக்குள் நடக்கும் வேலையை அவர் நாலாகப் பிரித்தார். இன்னது தேவைப்படும் என்று முன்னமே உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, பிறகு நடந்ததா என்று பார்த்துக்கொள்வது. முடிவெடுப்பதில் ஆண்களும் ஓரளவு சேர்ந்துகொள்கிறார்கள். முன்னமே உணர்வதும் பார்த்துக்கொள்வதும்தான் பெரும்பாலும் பெண்ணின் தலையில் கிடக்கிறது. "சொன்னாச் செய்வன்" என்பவர் கையைத் தருகிறார். சொல்பவளின் தலைக்குள் இருக்கும் பாரம் அப்படியே கிடக்கும். அதனால்தான் அவர் உண்மையாகவே உதவிய நாளிலும் அவளுக்கு ஆறுதல் வருவதில்லை. அது ஏன் என்று அவருக்கும் விளங்குவதில்லை.

அடுத்த தடவை வந்தபோது ஆளுக்கு ஒரு தாளும் பேனையும் கொடுத்தேன். "பதினொரு வயதில் நீங்கள் இருந்த வீட்டைக் கீறுங்கள். வாசல், விறாந்தை, அறை, குசினி, கிணறு எல்லாம் போடுங்கள். காலை ஐந்தரைக்கும் இரவு எட்டுக்கும் யார் யார் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வையுங்கள்." இவ்வளவுதான். என்ன நினைக்கிறீர்கள், எது சரி, எது பிழை என்றெல்லாம் கேட்பதில்லை. கருத்துக் கேட்டால் ஆட்கள் மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். வீட்டைக் கீறச் சொன்னால் கை தானாகவே உண்மையைப் போட்டுவிடும்.

அவள் கீறிய வீட்டில் காலை ஐந்தரைக்கு முற்றத்தில் ஒரு புள்ளி, அது அவளுடைய அப்பா. தாய்க்குச் சீனி வருத்தம், கால் வீங்கும். அதனால் முற்றம் கூட்டுவதும் தண்ணி அள்ளுவதும் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை மீன் ஆக்குவதும் அவர். அவளுக்கு அன்பு வைத்த ஆம்பிளை என்றால் விளக்குமாறு பிடித்த ஆம்பிளை. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தே வளர்ந்திருக்கிறாள்.

அவர் கீறிய வீட்டில் குசினிக்குள் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. "அம்மாவா?" என்று அவள் கேட்டாள். "இல்ல. நான்."

2004 மார்கழியில் கடல் வந்தபோது அவர்களுடைய வீடு போனது. பிறகு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு வீடு எங்கிருந்து வரும்? அடுத்த வருடமே தாய் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனா. தகப்பனுக்கு வயல் வேலை, வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாடியிலேயே படுப்பார். அம்மம்மாவுக்குக் கண் தெளிவில்லை. பதினொரு வயதுப் பையன் தங்கச்சிமாருக்குச் சோறாக்கி, தலை பின்னிவிட்டு, பள்ளிக்கு அனுப்பியிருக்கிறான். சோற்றுப் பானையை வடிக்கும்போது கஞ்சி ஊற்றுப்பட்ட அடையாளம் மணிக்கட்டில் இருந்தது. கலியாணம் முடித்து இரண்டரை வருடத்தில் அவள் அதைக் கண்டிருக்கிறாள், கதையைக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் போனுக்கு அம்மா எடுக்கும் நாளில் "என்ன மனே ஆக்கின?" என்றுதான் முதலில் கேட்பாவாம். பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் அவரைப் பெண்பெயர் வைத்துக் கூப்பிடுவார்களாம். ஆறு வருடம் கழித்துத் தாய் வந்து இறங்கிய அன்று குசினியை விட்டு வெளியே வந்தவர், இனி உள்ளே போவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்திருக்கிறார். கலியாணம் என்றால் குசினிக்குள் ஒரு பெண் நிற்பாள், தான் வெளியே இருக்கலாம் என்பதுதான் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

கடனும் அதே வீட்டிலிருந்துதான் வந்தது. அவர் தலை பின்னிவிட்ட தங்கச்சிக்குத்தான் அந்த வீடு.

அவள் அழுதாள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அது பெரிய பிழையாகப் போயிருக்கும். இப்படி ஒரு கதை வெளியே வந்ததும் பெண் இளகிப்போய், "பாவம், இனி நானே எல்லாத்தையும் பார்க்கிறன்" என்று எல்லாவற்றையும் திரும்பத் தலையில் ஏற்றிக்கொள்வாள். மூன்று மாதத்தில் முன்னை விட மோசமாக வெடிக்கும், ஏனென்றால் இப்போது கோபப்படும் உரிமையும் போய்விட்டது. அவர் ஏன் குசினிக்குள் போவதில்லை என்பதை அந்தக் கதை சொன்னது. சோறு யார் ஆக்குவது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

அதனால் அடுத்து வேலைக்கு வந்தோம். துண்டு துண்டாக உதவி செய்வதை விட்டுவிட்டு, ஒரு விசயத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருவர் எடுத்துக்கொள்வது என்று பேசினோம். அவர் எடுத்தது மீன். ஹோர்ன் கேட்பதிலிருந்து, என்ன வாங்குவது, காசு, வெட்டிக் கழுவிச் சட்டியில் வைப்பது, செதிலைப் புதைப்பது வரை. மீன் வெட்டுவது கிணற்றடியில், குசினிக்கு வெளியே. அது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதோடு குழந்தையின் குளிப்பும் பின்னேரச் சாப்பாடும். சமையல் அவளிடமே இருந்தது, இரவுக்கு மட்டும் இடியப்பம் கடையில் எடுப்பது என்று வைத்தார்கள். பாதிக்குப் பாதி என்று அவர்கள் பிரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறேகாலுக்கு அவள் ஓட வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பெரிய விடுதலை.

முதல் இரண்டு கிழமை சரிவரவில்லை. அவர் நாலாம் நாளே மறந்துவிட்டார், மீன்காரர் போய்விட்டார். அவள் அடுத்த நாள் தானே சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். "அண்டைக்குப் பருப்பைச் சாப்பிட்டிருந்தா அவர் அடுத்த நாள் ஓடியிருப்பார்" என்று அவளிடம் சொன்னேன். கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதுதான் பெண்களுக்கு மிகக் கஷ்டம். அம்மா வெட்டும் வடிவில் துண்டு இல்லை என்று திரும்ப வெட்டப் போனாலும் அதே கதைதான்.

பிறகு இன்னொரு சிக்கல். ஒருநாள் அவளுடைய தாய் வந்து கிணற்றடியைப் பார்த்துவிட்டா. "மருமகனை மீன் வெட்ட உட்டுட்டு நீ உள்ள என்ன செய்யிறா?" என்று சத்தமாகக் கேட்டா. அந்தத் தம்பி கத்தியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டார். இந்த இடத்தில் ஒரு ஒழுங்கு வைத்தோம். தன் தாய் தகப்பனோடு கதைப்பது அவரவர் பொறுப்பு. அவள்தான் தாயைத் தனியக் கூப்பிட்டு, "இது நாங்க ரெண்டு பேரும் கதைச்சு வெச்சது அம்மா. அவரைப் பார்த்துச் சொல்லாதீங்க" என்று சொன்னாள். மருமகன் மாமிக்கு விளக்கம் சொல்லப் போயிருந்தால் அது வேறு சண்டையாக முடிந்திருக்கும். கடனைப் பற்றியும் ஒரு தாளில் எழுதினார்கள்: எந்த மாதத்தோடு முடியும், அதற்குப் பிறகு தங்கச்சி வீட்டுக்கு ஏதும் கொடுப்பதென்றால் இருவரும் கதைத்துத்தான் என்று. முடிவுத் திகதி கண்ணால் கண்டதும் அவளுக்கு அந்த 18,000 கொஞ்சம் லேசாகிவிட்டது.

இனி உங்களுக்கு.

இடத்தைப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அப்பா படுத்திருக்கும் வீட்டில் இதைக் கதைக்க முடியாது, குசுகுசுவென்று கதைத்தால் அதுவே இரகசியச் சண்டை மாதிரி ஆகிவிடும். பின்னேரம் ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போங்கள். இரண்டு கொப்பித்தாளும் இரண்டு பேனையும் எடுத்துக்கொண்டு போங்கள். கோப்பையைப் பற்றி அன்று ஒரு சொல்லும் வேண்டாம். தொடக்கம் இப்படி இருக்கட்டும்: "வைகாசிக்குப் பிறகு அம்மா இல்லாம நாம ரெண்டு பேரும்தான். உங்கட வீட்டில இதெல்லாம் எப்படி நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு உங்கட வீட்டைக் கீறிக் காட்டுங்க. நானும் எண்ட வீட்டைக் கீறுறன்." நீங்கள் வளர்ந்த வீடும் இப்போது இருக்கும் வீடும் ஒன்றாக இருந்தாலும் கீறுங்கள். அவர் 14 மாதமாகப் பார்ப்பது இப்போதைய வீட்டை, நீங்கள் பதினொரு வயதில் பார்த்த வீட்டை இல்லை.

ஒருவர் கீறிச் சொல்லும்போது மற்றவர் கேள்வி மட்டும் கேட்கலாம். யார், எங்கே, எத்தனை மணிக்கு, பிறகு என்ன நடந்தது என்ற மாதிரிக் கேள்விகள். "ஏன்" வேண்டாம், அது குற்றம் சாட்டுவதாகவே கேட்கும். "அதுதான் நீங்க இப்படி" என்ற வசனத்தைக் கட்டாயம் விழுங்கிவிடுங்கள். ஆளுக்கு இருபது நிமிடம் போதும். முடிவில் ஒவ்வொருவரும் இரண்டு விசயம் சொல்லுங்கள்: என் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவர விருப்பம், எதை இந்த வீட்டுக்குள் எடுக்கவே மாட்டேன். அன்றைக்கு அவ்வளவோடு எழும்பி வந்துவிடுங்கள். முடிவெடுக்க வேண்டாம்.

அவர் "எங்கட வீட்டில ஒண்டும் இல்ல, எல்லாரும் செய்யிறதுதான்" என்று தட்டிவிட்டால் விட்டுவிடுங்கள். ஆண்கள் பலருக்கு இப்படிக் கதைத்துப் பழக்கமே இல்லை. சோர்ந்துபோகாமல் உங்கள் வீட்டை நீங்கள் கீறிக் காட்டுங்கள், உங்களுக்கு வெட்கமான ஒன்றையும் சேர்த்து. அடுத்த கிழமை அவர் தானாக ஏதாவது சொல்லத் தொடங்குவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

இரண்டாவது வேலை, அம்மாவின் ஒருநாள். விடியக்காலை எழும்புவதிலிருந்து படுக்கும் வரை அவ செய்வதை எல்லாம் நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதுங்கள். ஒரு சனிக்கிழமை போதும். அவரும் எழுத வேண்டும், நீங்கள் எழுதிக் காட்டினால் அது குற்றப்பத்திரிகை. கைவேலை மட்டும் இல்லை, மீன்காரரின் ஹோர்னுக்குக் காது கொடுப்பது, வெள்ளிக்கிழமை மரக்கறி என்று வியாழனே நினைப்பது, காஸ் முடியப்போகிறது என்று சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் எழுதுங்கள். சடங்குக் காலத்தில் வீடு கழுவி, மச்சச் சட்டியை ஒதுக்கி, வேறு பானையில் ஆக்கும் வேலை எவ்வளவு என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சடங்குக்கு முன் ஒரு கிழமை அம்மாவையும் அப்பாவையும் தங்கச்சியோடு போய் நிற்கச் சொல்லுங்கள், புதுவீட்டு வேலையைப் பார்க்கிற சாட்டில். அந்தக் கிழமை ஒத்திகை. அவர் முழுதாக எடுக்கும் இரண்டு விசயம், நீங்கள் முழுதாக எடுக்கும் இரண்டு விசயம் என்று பெயர் போட்டுக்கொள்ளுங்கள். கிழமை முடிவில் எது கழன்றது என்று பாருங்கள். மாமி குசினியில் இல்லாத அந்தக் கிழமையில் அவர் தானாகக் கோப்பையை எடுத்தால், இவ்வளவு நாளும் நடந்தது மரியாதைதான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் அதையும் தெரிந்துகொண்டீர்கள், நேராகக் கேளுங்கள்: "சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைங்க." அதற்கு வரலாறு தேவையில்லை.

ஒரு சொல்லை மட்டும் என்ன கோபத்திலும் எடுக்காதீர்கள்: "இது எண்ட வீடு." உறுதியில் உங்கள் பெயர் இருக்கிறது, உண்மைதான். அந்த உரிமை நம் பெண்களுக்குப் பெரிய பலம், அதை எந்தக் காரணத்துக்காகவும் கைவிடச் சொல்லமாட்டேன். ஆனால் சண்டையில் அதைச் சொன்னால், ஒரு பெட்டியோடு வந்த ஆளுக்கு அது வெளியே போ என்றுதான் கேட்கும். அதற்குப் பிறகு அவர் சிரித்துக்கொண்டே தன் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்குவார். மனஸ்தாபம் இறுகிவிட்டது என்பதற்கு நம் ஊரில் நான் பார்க்கும் முதல் அடையாளம் அதுதான், சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பதை விட மோசம். மற்றது, பெண் கேட்பதை நிறுத்திவிட்டு மனதுக்குள் எண்ணத் தொடங்குவது. இன்றைக்கு எத்தனை கோப்பை, இந்தக் கிழமை எத்தனை என்று. நீங்கள் எண்ணத் தொடங்கிவிட்டீர்களா என்று உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

நான் சொன்னதெல்லாம் பயமில்லாமல் கதைக்கக்கூடிய இருவருக்குத்தான். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் வாசிக்கிற வேறு யாருக்காவது, இதை எடுத்தால் அடி விழும், காசைப் பிடுங்குவார், போனை உடைப்பார் என்ற நிலை இருந்தால் படம் கீறப் போக வேண்டாம். அதற்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேட்கலாம்.

உங்களுக்கு இந்தக் கிழமை வேலை ஒன்றுதான். கடற்கரைக்குப் போக முன், நீங்கள் தனியே உட்கார்ந்து உங்கள் வீட்டை ஒருதரம் கீறிப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு அப்பா சாப்பிட்டு எழும்பிய பிறகு அந்தக் கோப்பை யார் கையில் போனது என்று அதில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தத் தாளையே அவரிடம் முதலில் நீட்டுங்கள்.